பட்டினத்துக்குப் பக்கத்தில் ஒரு குப்பம்: பினாங்குக் குறிப்புகள்

வெள்ளி

கோலாலம்பூரிலிருந்து ரயிலில் வந்து பட்டர்வொர்த்தில் இறங்கியதும் நேரே ஃபெரிதான். மச்சான் துறைமுகம் பக்கம் வேலை பார்ப்பவன், வேலை முடிந்து அப்படியே என்னை அழைத்துப்போக வந்திருந்தான். இந்த முறை கோயில், சாப்பாடு, சுவரோவியம் என்று எதிர்பார்க்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊர்ப்பெயர்கள்தான் என் தலையில் ஓடிக்கொண்டிருக்கின்றன. தினமும் ராத்திரி கொஞ்சம் எழுதிப் போடுகிறேன், படிக்கிறவர்கள் படிக்கலாம்.

ஃபெரியில் நின்றபடி மச்சான் கையைக் காட்டிக் காட்டிச் சொன்னான். அந்தப் பக்கம் தஞ்சோங் தோக்கோங், அதைத் தாண்டித் தஞ்சோங் பூங்கா, மேற்கே போனால் தெலுக் பஹாங், தெற்கே தெலுக் கும்பார், பெருநிலத்துப் பக்கம் வடக்கே கோலா மூடா, இன்னும் மேலே கோலா கெடா. தஞ்சோங் என்றால் முனை, தெலுக் என்றால் வளைகுடா, கோலா என்றால் ஆற்று முகம். மலாய்க்காரர்கள் கடலிலிருந்து கரையைப் பார்த்துப் பெயர் வைத்த மாதிரி இருக்கிறது. நிலம் எப்படி வளைகிறது, ஆறு எங்கே வந்து கலக்கிறது என்பது பெயரிலேயே வந்துவிடுகிறது. படகு ஓட்டுகிறவனுக்கு அதுதானே வேண்டும்.

நம் சோழமண்டலக் கரையை இப்படி ஒரு படகிலிருந்து பார்த்தால் சொல்ல என்ன இருக்கிறது? சென்னையிலிருந்து கோடியக்கரை வரைக்கும் கரை பெரும்பாலும் நேர்க்கோடு. ஒதுங்குவதற்குப் பெரிய வளைகுடா இல்லை, முனை இல்லை, மணலும் அலையும்தான். அதனால்தானோ என்னவோ அந்தக் கரையில் பெயர்கள் நிலத்தைச் சொல்வதைவிட அங்கே யார் என்ன செய்தார்கள் என்பதை அதிகமாகச் சொல்கின்றன. சரக்கு வந்து போன இடம் பட்டினம், படகு ஒதுங்கிய இடம் துறை, மீன் பிடிக்கிறவர்களின் குடியிருப்பு குப்பம். கரை, முனை, காயல், பாடு என்று நம்மிடமும் நிலத்தைச் சொல்லும் பெயர்கள் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பட்டினம், துறை, குப்பம் என்ற மூன்றையும் வரைபடத்தில் குறித்துப் பார்த்தால், எந்தக் கரையில் எது கூடுகிறது, எது குறைகிறது என்பதற்கு ஒரு காரணம் தெரிகிறது. அதைத்தான் எழுதப் போகிறேன்.

சனி

காலையில் லெபுக் சூலியா. அப்புறம் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், நாகூர் தர்கா, ஜாலான் நாகூர், மெட்ராஸ் சந்து எல்லாம் சுற்றினேன். பிரான்சிஸ் லைட் 1786இல் இந்தத் தீவில் கொடி ஏற்றினார். 1794இல் அவர் எழுதிய குறிப்பில் சூலியாக்கள் சோழமண்டலக் கரையின் பல துறைமுகங்களிலிருந்து வந்தவர்கள் என்று இருக்கிறது. அவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே கெடாவில் குடியிருந்தவர்கள், வருடா வருடம் கப்பல்கள் 1300 முதல் 2000 பேர் வரை கொண்டு வருகின்றன என்றும் சொல்கிறார். ஆக, பினாங்கு என்று ஒரு நகரம் எழுவதற்கு முன்பே பட்டினத்து ஆட்களுக்கு இந்தக் கடல் பழக்கமான கடல்.

மதியம் சாப்பிடப் போன நாசி கண்டார் கடையில் கல்லாவில் இருந்த பெரியவருக்குப் பூர்வீகம் மல்லிப்பட்டினமாம். "நாங்க மல்லிப்பட்டினம், சம்சாரம் வூடு அதிராம்பட்டினம், அந்தா மூலையில கடை வச்சிருக்காரே அவரு கோட்டைப்பட்டினம், எல்லாம் ஒரே கரைதான் தம்பி" என்றார். பஸ்ஸில் போனால் எவ்வளவு நேரம் என்று கேட்டேன். "பஸ்ஸா? ஒரு ஊர்ல பாங்கு சொன்னா அடுத்த ஊர்ல காதுல விழும்" என்று சிரித்தார். கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறார், ஆனால் விஷயம் அதுதான்.

அந்தக் கரையை வடக்கிலிருந்து வரிசையாகச் சொல்கிறேன்: அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், கோபாலப்பட்டினம், சுந்தரபாண்டியன்பட்டினம், பாசிப்பட்டினம், இன்னும் தெற்கே தேவிபட்டினம். கோடியக்கரையைத் தாண்டி மேற்கே திரும்பினால் வரும் பாக் நீரிணைக் கரை இது. ஒரே கரையில் எதற்கு இத்தனை பட்டினம்?

காரணம் கடல்தான். இலங்கை ஒரு பக்கம் அணைத்து நிற்பதால் அங்கே வங்கக்கடலின் பெரிய அலை வருவதில்லை. ஆழமும் குறைவு. பெரிய கப்பல் உள்ளே வர முடியாது, ஆனால் சிறிய தோணி சரக்கோடு கரைக்குப் பக்கத்திலேயே வந்துவிடும், எதிரே இலங்கை, கடந்து போகக் கொஞ்ச தூரம்தான். அரிசியும் துணியும் கருவாடும் ஏற்றிப் போக ஒரு பெரிய துறைமுகம் தேவையில்லை, பணம் போட ஒரு வியாபாரியும் நாலைந்து தோணியும் இருந்தால் அந்த ஊர் பட்டினமாகிவிடும். அலை அடிக்காத கரையில் பட்டினம் மலிந்து கிடப்பதற்கு இதுதான் காரணம் என்பது என் கணிப்பு.

இன்னொன்றையும் கவனியுங்கள். பட்டினப் பெயர்களில் ஆள் பெயர் நிறைய வருகிறது. சுந்தரபாண்டியன், குலசேகரன் (திருச்செந்தூருக்குத் தெற்கே குலசேகரப்பட்டினம்), சென்னப்ப நாயக்கர் பெயரில் சென்னப்பட்டினம். குப்பத்துக்கு யாரும் பாண்டிய ராஜா பெயரை வைப்பதில்லை. பட்டினம் என்பது மீனும் உப்பும் இருந்தால் தானாக முளைக்கிற இடம் இல்லை, யாரோ ஒருவர் அதற்குப் பொறுப்பேற்றுக்கொள்ள வேண்டும். உன் சரக்கை யாரும் பிடுங்க மாட்டார்கள், சுங்கம் இவ்வளவுதான் என்று ஒரு அதிகாரம் வாக்குக் கொடுத்தால்தான் வெளியூர்க் கப்பல் அங்கே நங்கூரம் போடும்.

இதற்கு ஒரு கல்வெட்டே இருக்கிறது, ஆனால் அது ஆந்திரக் கரையில். மோட்டுப்பல்லி என்ற துறைமுகத்தில் காகதிய அரசன் கணபதி தேவன் 1244-45இல் நட்ட தூண் அது. அந்த ஊருக்கு அப்போது தேசியுய்யக்கொண்டபட்டினம் என்று ஒரு பெயரும் இருந்தது. கல்வெட்டு சொல்வது இதுதான்: முன்பிருந்த அரசர்கள் புயலில் உடைந்து கரை ஒதுங்கிய கப்பல்களின் பொன், யானை, குதிரை, மணி எல்லாவற்றையும் பறித்துக்கொண்டார்கள், நான் அப்படிச் செய்ய மாட்டேன், ஏற்றுமதி இறக்குமதிக்கு முப்பதில் ஒரு பங்கு சுங்கம் மட்டும் எடுத்துக்கொள்கிறேன். புயலுக்குப் பயந்து கரை சேர்ந்தவனுக்கு ராஜாவும் புயலாக இருந்த காலம் அது. அந்த வாக்குதான் ஒரு கரையைப் பட்டினமாக்குகிறது. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கச் சாவடியில் மூட்டைகளுக்குப் புலி முத்திரை குத்தி அனுப்புகிறார்களே, அதுவும் இதே வேலைதான். அந்தப் பாட்டில் வந்து இறங்கும் பொருள்களில் 'ஈழத்து உணவும் காழகத்து ஆக்கமும்' என்று ஒரு வரி. காழகம் என்பதைக் கடாரம் என்று நச்சினார்க்கினியர் உரை எழுதுகிறார். கடாரம் என்றால் இதோ ஃபெரியில் மச்சான் கை காட்டினானே, அந்த கெடா.

ஞாயிறு

காலையில் பெங்காலான் வெல்ட். சீனக் குலத்தார் தண்ணீருக்கு மேலே மரக்கால் ஊன்றிக் கட்டியிருக்கும் வீட்டு வரிசைகள், சியூ, லிம், டான் என்று ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு பலகைத் தெரு. கீழே தண்ணீர் அசையவே இல்லை. எதிரே பெருநிலம், இந்தப் பக்கம் தீவு, நடுவில் கடல் குளம் போலக் கிடக்கிறது. மச்சான் சொன்னான், இங்கே வீட்டு வாசல்படியிலேயே படகைக் கட்டலாம் என்று.

சென்னையில் இது நடக்காது. நடக்காது என்பதிலிருந்துதான் குப்பம் என்ற பெயருக்குள்ள முக்கியத்துவம் தொடங்குகிறது.

சோழமண்டலக் கரையில் அலை கரைக்குக் கொஞ்சம் முன்னாலேயே உடைகிறது, ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு மூன்று வரிசை. ஐரோப்பியக் கப்பல் அந்த அலைக்குள் வந்தால் தரைதட்டி உடைந்துபோகும். அதனால் தள்ளி ஆழத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். நடுவில் இருக்கிற அலையைத் தாண்டிச் சரக்கையும் ஆளையும் கொண்டுவர ஒரு படகு வேண்டும், அந்தப் படகை ஓட்டத் தெரிந்த ஆள் வேண்டும். மசுலாப் படகு அதற்கென்றே இருந்தது. பலகைகளை ஆணி அடித்துச் சேர்க்காமல் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். ஆணி அடித்த படகு மணலில் மோதினால் பலகை பிளக்கும், தைத்த படகோ வளைந்து கொடுக்கும், நீர் கசிந்தாலும் இறைத்து ஊற்றிவிடலாம். கடல் இன்னும் முரடாக இருந்து மசுலாப் படகும் போக முடியாத நாளில் கட்டுமரம் போகும். நாலு கட்டையைச் சேர்த்துக் கட்டியதுதானே, அதற்குள் தண்ணீர் நிற்காது, அதனால் மூழ்காது. கப்பலுக்குக் கடிதம் கொண்டுபோனது கட்டுமரத்துக்காரர்கள். மெட்ராஸில் 1870களில் செயற்கைத் துறைமுகம் கட்ட ஆரம்பிக்கும் வரை, அதற்கு முன்பு இருநூறு வருஷத்துக்கு மேல், கோட்டைக்குள் வந்த ஒவ்வொரு மூட்டையும் மீனவர் தோளையும் துடுப்பையும் தாண்டித்தான் வந்தது.

ஆக, அந்தக் கரையில் பட்டினம் வேண்டுமென்றால் பக்கத்தில் குப்பம் இருந்தே ஆக வேண்டும். அலையைப் படிக்கத் தெரிந்தவன் குப்பத்தில்தான் இருந்தான்.

இதை ஒரு ஊரில் வைத்துப் பார்க்கலாம். நாகப்பட்டினம். கடுவையாறு கடலில் கலக்கும் இடம். வடக்கே ஊரும் கடைத்தெருவும் பழைய துறைமுகமும், தெற்கே கீச்சாங்குப்பம், அதை அடுத்து அக்கரைப்பேட்டை. பட்டினம், குப்பம், பேட்டை மூன்றும் ஒரே முகத்துவாரத்தில். பட்டினப் பக்கத்தின் சரித்திரம் பெரிது: ஸ்ரீவிஜயத்து அரசன் மாரவிஜயோத்துங்கவர்மன் அங்கே சூடாமணி விகாரம் எழுப்பினான், ராஜராஜ சோழன் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரைத் தானமாகக் கொடுத்தான், அடுத்த தலைமுறையிலேயே ராஜேந்திரன் 1025 வாக்கில் அதே ஸ்ரீவிஜயத்தின் மீதும் கடாரத்தின் மீதும் படை அனுப்பினான். பிறகு போர்த்துக்கீசியர், 1658இல் டச்சுக்காரர், 1781இல் ஆங்கிலேயர். பட்டினத்துக்கு முதலாளி மாறிக்கொண்டே இருந்தார். எந்த முதலாளி வந்தாலும் சரக்கு இறங்கப் படகு வேண்டியிருந்தது.

இது பழங்கதை இல்லை. இன்று மாலை மச்சான் வீட்டுக்கு வந்திருந்த ஒரு தாத்தா சின்னப் பையனாக ரஜூலா கப்பலில் வந்தவர். மெட்ராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று ஓடிக்கொண்டிருந்த கப்பல் அது, 1973 வரை ஓடியது. "நாகப்பட்டினத்துல கப்பல் எங்கய்யா கரைக்கு வரும்? அது பாட்டுக்கு நடுக்கடல்ல நிக்கும். பெட்டி படுக்கையோட படகுல ஏத்துவாங்க. எங்கம்மா கண்ணை மூடிக்கிட்டு முருகா முருகான்னு இருந்துச்சு. படகுக்காரன் மட்டும் வெத்தலை போட்டுக்கிட்டு நிக்கிறான்" என்றார். பினாங்கில் இறங்கும்போது எப்படி என்று கேட்டேன். "இங்க என்ன, நடந்து இறங்கினோம்."

சரி, இதில் எனக்குப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். சென்னையிலிருந்து நாகை வரையுள்ள கரையில் மீன்பிடிக்கும் பெரிய சமூகத்துக்குப் பெயர் பட்டினவர். பெரிய பட்டினவர், சின்ன பட்டினவர் என்று இரண்டு பிரிவு. குடியிருப்பது குப்பத்தில், சமூகத்தின் பெயரோ பட்டினவர். பட்டினம் என்றால் வியாபாரிதான் என்று நினைத்தால் இது பொருந்தாது. பட்டினப்பாலையைத் திரும்பப் படித்தால் பொருந்துகிறது. சுங்கச் சாவடி இருக்கிற அதே ஊரில் பௌர்ணமி நாளில் கடலுக்குப் போகாத பரதவர் சுறாவின் கொம்பை நட்டுத் தெய்வத்தைக் கும்பிடுகிறார்கள். பட்டினத்தின் உள்ளேயே அவர்கள் இருந்திருக்கிறார்கள்.

வியாபாரம் போன பிறகும் அவர்கள்தான் மிச்சம். புதுச்சேரிக்குத் தெற்கே வீராம்பட்டினம் இன்று மீனவர் ஊர். ஆனால் பக்கத்திலேயே அரிக்கமேடு, 1945இல் வீலர் தோண்டி ரோமானிய மதுச்சாடித் துண்டுகளை எடுத்த இடம். கடலூரில் தேவனாம்பட்டினம், அதுவும் மீனவர் ஊர்தான், ஒட்டினாற்போல ஆங்கிலேயரின் செயின்ட் டேவிட் கோட்டை. கல்பாக்கத்தை அடுத்த சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக் கோட்டை இடிந்து நிற்கிறது, ஊரை ஒட்டிச் சதுரங்கப்பட்டினம் குப்பம் இன்றும் கடலுக்குப் போய் வருகிறது. மீன் மட்டும் பிடிக்கிற ஊருக்கு ஏன் பட்டினம் என்று பெயர் என்று தோன்றினால், சுற்றுவட்டாரத்தில் ஒரு கோட்டையோ மேடோ இருக்கிறதா என்று தேடுங்கள். பெரும்பாலும் இருக்கும்.

குப்பப் பெயர்களின் முன்பாதியும் பார்க்க வேண்டியதுதான். கொட்டிவாக்கம் குப்பம், இஞ்சம்பாக்கம் குப்பம், பனையூர் குப்பம், ஊரூர் குப்பம். உள்ளே கொஞ்சம் தள்ளி ஒரு விவசாய ஊர், அதன் பெயரைக் கடன் வாங்கிக் கரையில் ஒரு குப்பம். நிலவரிக் கணக்கு எழுதியவர்களுக்கு ஊர் என்றால் வயல் உள்ள இடம். வயல் இல்லாத மணல் அதன் வால் மாதிரி ஒட்டிக்கொண்டது, புறம்போக்கு என்று எழுதப்பட்டது. மீனவருக்குக் கடல்தான் வயல், கடலுக்கு யார் பட்டா கொடுப்பது? பெயரில் தெரிகிற இந்த ஒட்டுதல், பிற்பாடு மனை உரிமை கேட்கும்போது பெரிய தலைவலியானது. 2004 சுனாமியில் கீச்சாங்குப்பமும் அக்கரைப்பேட்டையும் உருக்குலைந்தன. கரையை விட்டுத் தள்ளிப்போய்க் குடியிருக்கச் சொன்ன பேச்சு வந்தபோது எல்லாக் குப்பத்திலும் எழுந்த கேள்வி, நாங்கள் போய்விட்டால் இந்த மணல் யாருக்கு என்பதுதான். அதே அலை அன்றைக்கு பினாங்கின் வடக்கு, மேற்குக் கரைகளிலும் ஆட்களைக் கொண்டுபோனது. மச்சான் அதைப் பற்றி அதிகம் பேசமாட்டான்.

திங்கள்

இன்று லெபுக் பந்தாய். பந்தாய் என்றால் கடற்கரை, ஆங்கிலத்திலும் பீச் ஸ்ட்ரீட்தான். போய்ப் பார்த்தால் வங்கிக் கட்டடங்கள், கடலைக் காணோம். 1880களில் கடலைத் தூர்த்துப் பெங்காலான் வெல்ட் போட்டார்கள், அதற்கு முன்னால் அலை வந்து தொட்டது இந்தத் தெருவைத்தான். பெங்காலான் என்றால் படகு ஒதுங்கும் இடம், அதாவது துறை. கரை தள்ளிப் போனதும் துறையும் கூடவே போனது, பெயர் மட்டும் பழைய இடத்தில் நின்றுவிட்டது.

நம் ஊரில் இதற்கு மிகப் பெரிய உதாரணம் கொற்கை. சங்கப் பாடல்களில் கொற்கையின் துறையும் முத்தும் திரும்பத் திரும்ப வருகின்றன. இன்றைக்குக் கொற்கையில் நின்றால் வயல்தான், கடல் சில கிலோமீட்டர் தள்ளி. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டல் கரையைக் கிழக்கே தள்ளியது. துறைமுகம் கடலைத் துரத்திக்கொண்டு பழைய காயலுக்குப் போனது, 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ பார்த்த காயல் அந்தப் பக்கம்தான். அதுவும் தூர்ந்ததும் காயல்பட்டினம், அப்புறம் தூத்துக்குடி. ஒரே ஆறு, ஒரே வியாபாரம், இடம்தான் நகர்ந்துகொண்டே வந்தது.

துறை என்ற பெயர் எங்கே கூடுகிறது என்று பார்த்தால் இரண்டு இடம் கண்ணில் படுகிறது. ஒன்று யாழ்ப்பாணக் கரை: காங்கேசன்துறை, வல்வெட்டித்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை. பருத்தித்துறைக்குப் பெயர் வந்ததே பருத்தி ஏற்றி இறக்கியதால் என்பார்கள். வல்வெட்டித்துறைக்காரர்கள் கப்பலே கட்டினார்கள். அங்கே கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் வரை போய்ச் சேர்ந்தது. இன்று மதியம் சந்தித்த நண்பருடைய பாட்டனார் அந்த ஊரிலிருந்து மலாயா ரயில்வேக்கு எழுத்தராக வந்தவர். அவர் வீட்டில் இன்னும் "துறைக்குப் போறது" என்றால் வல்வெட்டித்துறைக்குத்தான், வேறு எந்தத் துறையும் கணக்கில் இல்லை.

இன்னொன்று கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கோடி. இரையுமன்துறை, பூத்துறை, சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, மார்த்தாண்டன்துறை என்று வரிசையாக, நடுவில் தூத்தூரும் வள்ளவிளையும், முடிவில் நீரோடி. குப்பம் என்ற பெயரே அங்கே இல்லை. நாகையில் பார்த்த அமைப்பை இங்கேயும் பார்க்கலாம்: குழித்துறையாறு கடலில் கலக்கும் இடத்தில் கிழக்குக் கரையில் தேங்காப்பட்டினம், பழைய பள்ளிவாசலும் முஸ்லிம் வணிகர்களும் உள்ள ஊர், மேற்குக் கரையில் இரையுமன்துறை, மீனவர் ஊர். வடக்கே கடற்கரையில் பட்டினத்துக்குத் துணை குப்பம் என்றால் தெற்கே பட்டினத்துக்குத் துணை துறை.

ஆனால் பெயரை அப்படியே நம்பிவிடவும் கூடாது. தூத்தூர்ப் பக்கத்து மீனவர்கள் ஆழ்கடலில் சுறா பிடிப்பதில் பெயர் பெற்றவர்கள். அவர்களுடைய பெரிய விசைப்படகுகள் ஒதுங்க அந்தத் துறைகளில் இடம் இல்லை, நிறையப் படகுகள் கொச்சியில் போய்த்தான் மீனை இறக்குகின்றன. பெயர் கட்டுமரத்துக்கும் வள்ளத்துக்கும் வைத்தது, எழுபது அடிப் படகுக்கு வைத்தது இல்லை.

ஏமாற்றுகிற பெயர்களும் உண்டு. மயிலாடுதுறை, ஆவடுதுறை, குழித்துறை எல்லாம் ஆற்றுத் துறை, குளிக்கவும் கடக்கவும் இறங்கிய படித்துறை. கிருஷ்ணகிரிப் பக்கம் காவேரிப்பட்டினம் இருக்கிறது, அங்கிருந்து கடல் எங்கேயோ. வணிகர் கூடிய சந்தை ஊருக்கும் பட்டினம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்பதால் அது தவறும் இல்லை. நெல்லிக்குப்பத்தில் மீன் வலை கிடையாது, கரும்பாலைதான். கடலூர், விழுப்புரம் பக்கம் வயலுக்கு நடுவிலேயே ஏகப்பட்ட குப்பம், அங்கே அது வெறும் சின்னக் குடியிருப்பு. அதனால் நான் பார்க்கும் முறை இதுதான்: பின்பாதியை மட்டும் வைத்து முடிவு கட்டாமல், பக்கத்தில் என்னென்ன பெயர்கள் நிற்கின்றன என்று பார்ப்பேன். கரையில் ஒரு பட்டினம், அதே பெயரோடு ஒரு குப்பம், ஒரு ஆற்று முகம், கொஞ்சம் உள்ளே ஒரு பேட்டை என்று கூட்டமாக இருந்தால் அங்கே கடல் வியாபாரம் நடந்திருக்கிறது என்று தைரியமாகத் தேடலாம். தனியாக வயலுக்கு நடுவே நின்றால் விட்டுவிடலாம்.

திருப்பெருந்துறை மட்டும் நடுவில் மாட்டிக்கொள்கிறது. இன்றைய ஆவுடையார்கோயில், கடலை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. ஆனால் மாணிக்கவாசகர் கதையில் அவர் பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் பணத்தோடு போனது கடற்கரையில் வந்து இறங்கிய குதிரைகளுக்காக. குதிரை வாங்கப் போன மந்திரி கோயில் கட்டிய ஊரில் 'பெருந்துறை' என்ற பெயர் எதைச் சொல்கிறது, ஆற்றையா கடலையா என்று நண்பரும் நானும் இரண்டு தே தாரிக் முடியும் வரை சண்டை போட்டோம். அவர் கடல் கட்சி, நான் ஆற்றுக் கட்சி.

செவ்வாய்

ரயிலில் எழுதுகிறேன், சுருக்கமாக முடிக்கிறேன்.

நண்பர் காலையில் ஒரு செய்தி அனுப்பியிருந்தார். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கியது, சில நாளில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓட ஆரம்பித்தது. வடகிழக்குப் பருவக்காற்று எழும்பிவிட்டால் ஓட்டமும் நின்றுபோகும். ரஜூலா காலத்தைப் போல இப்போது படகில் ஏறி நடுக்கடலுக்குப் போக வேண்டியதில்லை, துறைமுகத்திலேயே ஏறலாம். காரணம், கப்பல் சிறியது, முகத்துவாரத்தையும் ஆழப்படுத்தியிருக்கிறார்கள். அலையைத் தாண்டிக் கொண்டுபோய் விடுவதற்கு இனிமேல் கீச்சாங்குப்பத்தாரைக் கேட்க வேண்டியதில்லை. ஆனால் வண்டல் வந்து வாய் மூடிக்கொண்டால் மறுபடி தூர்வார வேண்டும், அந்த வாயில் எங்கே மேடு ஏறியிருக்கிறது என்பதைத் தினமும் படகு ஓட்டிப் பார்த்துச் சொல்கிறவர்கள் இன்னமும் அவர்கள்தான்.

நண்பர் கேட்கிறார், ஒருமுறை அந்தக் கப்பலில் போவோமா என்று. கோலாலம்பூரிலிருந்து விமானத்தில் திருச்சி, திருச்சியிலிருந்து பஸ்ஸில் நாகை, அங்கிருந்து கப்பலில் அவர் பாட்டன் ஊர். மழைக்காலத்துக்கு முன்னால் விடுப்புக் கிடைக்க வேண்டும். மேலாளரிடம் இன்னும் கேட்கவில்லை.